ஹேப்பி நெக்ஸ்ட் சாப்டராமுங்க!

வாத்தியார் ரிட்டயர் ஆனா கிளாஸே சேர்ந்து கையெழுத்துப் போட்ட அட்டை கொடுக்கறாங்க. கொடுக்கட்டும். ஆனா அதுல 'ஹேப்பி நெக்ஸ்ட் சாப்டர்'னு அச்சடிச்ச இங்கிலீஷ் எதுக்குங்க?

கோயமுத்தூர் கவர்மெண்ட் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தருக்கு அக்டோபர்ல 60 வயசு முடியுதுன்னு வைங்க. அந்த மாசக் கடைசியில ஓய்வு. ஆனா மறுநியமனம்னு ஒண்ணு இருக்கே, கல்வியாண்டு முடியற வரைக்கும் அவர்தான் பாடம் எடுப்பார். நவம்பர்ல அதே பெஞ்சு, அதே பசங்க. அவருக்கு எங்கீங்க புது அத்தியாயம்?

அடுத்தது கையெழுத்து. ஏ4 தாளை மடிச்சா உள்பக்கம் பாதியை வாழ்த்தே பிடிச்சுக்குது. மிச்சத்துல 40 பேருன்னா ஆளுக்கு 8 சதுர செ.மீ. கூட வராது. ஒருத்தன் மேல ஒருத்தன் கிறுக்கி வைப்பான். பத்து வருசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா எது கார்த்தி, எது கவிதான்னு அவருக்கே தெரியாது.

ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்க. பென்சில்ல அஞ்சுக்கு எட்டுன்னு 40 கட்டம் போடுங்க. வருகைப் பதிவேட்டு வரிசையில ஆளுக்கொரு கட்டம். முழுப்பேரு, அவர்கிட்ட கத்துக்கிட்ட ஒரு விசயம், அவ்வளவுதான். கடைசி வேலைநாள்ல கொடுங்க.

கடைக்காரன் எழுதின வாழ்த்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட, இது என்ன கிரயப் பத்திரமா?