வேலை சொல்ல ஒருத்தர், லீவு கொடுக்க ஒருத்தர்

பொட்டி தட்டுற மக்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹெச்.ஆர்.கிட்டேயிருந்து இந்த மடல் வந்துடும். "உங்கள் தினசரி வேலையை ப்ராஜக்ட் மேனேஜர் சொல்வார். அப்ரைசலும் லீவு அப்ரூவலும் ரிப்போர்ட்டிங் மேனேஜர் பொறுப்பு." கூடவே ஒரு படம். ஒருத்தருக்கு நேர்க்கோடு, இன்னொருத்தருக்குப் புள்ளிக்கோடு. குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்த விளக்கமாம். என்னைக் கேட்டா, குழப்பம் எங்கே இருக்கோ அந்த இடத்தை மட்டும் கரெக்டா விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் விளக்குற மடல் இது.

ரெண்டு டேமேஜர் வைக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரலை. ஒரு ஆளுக்கு ஒரே ஒருத்தர்தான் உத்தரவு போடணும்னு ஃபயோல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1916லயே எழுதி வெச்சுட்டுப் போயிட்டார். ஆனா 1960கள்ல அமெரிக்க விமான, ராக்கெட் கம்பெனிகளுக்கு அது ஒத்துவரலை. ஒரு துறையில இருக்கிற இன்ஜினியரைக் கொஞ்ச நாள் இந்த ப்ராஜக்ட்டுக்கும் கொஞ்ச நாள் அந்த ப்ராஜக்ட்டுக்கும் கடன் கொடுக்க வேண்டியிருந்துச்சு. அங்கே வேர் விட்டதுதான் இந்த மேட்ரிக்ஸ். நம்ம பொழப்பும் அதேதான். ஆறு மாசம் ஒரு ப்ராஜக்ட், எட்டு மாசம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் அப்ரைசல் போடுற ஆளும் மாறினா, நம்ம வருஷக் கணக்கு யார்கிட்டேயும் முழுசா இருக்காது. அதுக்காக மாறாத ஒருத்தர் வேணும். நியாயம்தான்.

சிக்கல் எங்கேன்னா, லீவுங்கிறது ஒரு முடிவு இல்லை, ரெண்டு முடிவு. கணக்குல லீவு இருக்கா, விதிப்படி எடுக்கலாமாங்கிறது ஒண்ணு. அந்த நாள்ல இந்த ஆள் இல்லாம வேலை நடக்குமாங்கிறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு ரிப்போர்ட்டிங் மேனேஜருக்குப் பதில் தெரியும். ரெண்டாவதுக்கு ப்ராஜக்ட் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். மடல் என்ன பண்ணுது? பச்சை பட்டனை முதல் ஆள் கையில கொடுத்துட்டு, விவரம் தெரிஞ்ச ரெண்டாவது ஆளை வெளியில நிக்க வெச்சுடுது.

புனேவுல என் தோழி ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். 2025 பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. 13லேர்ந்து 17 வரைக்கும் அஞ்சு நாள் லீவு போட்டா, ரெண்டு பக்கமும் சனி ஞாயிறு சேர்ந்து ஒன்பது நாள் ஊர்ல இருக்கலாம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர்லேர்ந்து 60 நாளைக்கு முன்னாடிதான். ஆக 10ஆம் தேதி கிளம்பணும்னா நவம்பர் 11 காலைல டிக்கெட் போடணும். பக்கத்து ஊர்க்காரங்க மாதிரி முந்தின வாரம் யோசிச்சு முடிவெடுக்கிற வசதி நமக்குக் கிடையாது. நவம்பர் முதல் வாரமே போர்ட்டல்ல லீவு போட்டாச்சு. அது ஹைதராபாத்துல இருக்கிற ரிப்போர்ட்டிங் மேனேஜருக்குப் போச்சு. அவர் இவங்களை நேர்ல பார்த்ததே இல்லை. கணக்குல 14 நாள் இருக்குன்னு பார்த்தார், அப்ரூவ் பண்ணிட்டார். ப்ராஜக்ட் மேனேஜருக்கு அந்தப் போர்ட்டல்லேர்ந்து ஒரு தகவலும் போகாது, ஏன்னா அதுல மேனேஜர்னு ஒரே ஒரு பேருக்குத்தான் இடம். இவங்களே டீ குடிக்கும்போது வாயால சொல்லிவெச்சாங்க. "பார்க்கலாம்"னார்.

டிசம்பர் மூணாவது வாரம் கிளையண்ட் ரிலீஸை ஜனவரி 15க்கு மாத்திட்டாங்க. ப்ராஜக்ட் மேனேஜர், "லீவா? நான் ஒத்துக்கலையே"ன்னார். ஹைதராபாத்துக்குப் போன் போட்டா, "ப்ராஜக்ட்ல என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க"ன்னு பதில். போர்ட்டல்ல பார்த்தா லீவு இன்னமும் பச்சையா மின்னிக்கிட்டு இருக்கு. கடைசியில லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போய், பொங்கலன்னிக்கும் மறுநாளும் மாடியில உட்கார்ந்து ஆணி புடுங்கினாங்க. கிராமத்து நெட்டு, ரெண்டு தடவை கால் கட்டாச்சு. லீவு கணக்குல அஞ்சு நாளும் கழிஞ்சது தனிக்கதை.

இதுல உச்சக்கட்ட காமெடி ஏப்ரல்ல. ப்ராஜக்ட் மேனேஜர் அப்ரைசலுக்கு அனுப்பின கருத்து ஒரே ஒரு வரி: முக்கியமான ரிலீஸ் நேரத்துல கிடைக்கலை. அதை வெச்சு ரேட்டிங்கை ஒரு படி குறைச்சவர் யாரு? அந்த லீவை அப்ரூவ் பண்ணின அதே ஹைதராபாத்துக்காரர். அவர் கையில இருந்தது அந்த ஒரு வரிதான். அது எந்த வாரம், என்ன லீவுன்னு அதுல இல்லை. தோழிக்கு அந்த வரியைக் காட்டவும் இல்லை, ரேட்டிங் வந்தப்புறம் கேட்டு வாங்கினதுதான். அந்த வருஷ வேரியபிள் பேல அடி.

இதுல கெட்டவங்க யாரும் இல்லைங்கிறதுதான் என் கட்சி. மூணு பேருமே மடல்ல சொன்னபடிதான் நடந்துக்கிட்டாங்க. அதனால மடல்லதான் சேர்க்கணும்.

முதல்ல, லீவு எந்த வரிசையில நகரும்னு எழுதணும். முதல் சம்மதம் ப்ராஜக்ட் மேனேஜர்கிட்டே, எழுத்துல. ரெண்டு வேலை நாள்ல பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கணும், இல்லைன்னா "பார்க்கலாம்"லயே 60 நாள் ஓடிடும். அதுக்கப்புறம் ரிப்போர்ட்டிங் மேனேஜர் அப்ரூவல். அப்ரூவ் ஆன லீவை ரத்து பண்ணணும்னா அப்ரூவ் பண்ணினவரே காரணத்தோட எழுத்துல ரத்து பண்ணணும், டிக்கெட் காசையும் கம்பெனி கொடுக்கணும். வாயால பாதி ரத்து, போர்ட்டல்ல முழு அப்ரூவல்ங்கிற கூத்து இருக்கக்கூடாது. உடம்பு சரியில்லாத லீவுக்கு இந்த வரிசை எல்லாம் வேண்டாம், ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் போதும்.

அடுத்தது அப்ரைசல். ரேட்டிங் போடுறவர் வேலையைப் பார்க்கலை, பார்த்தவர் ரேட்டிங் போடலை. நடுவுல இருக்கிற ஒரே பாலம் அந்தக் கருத்துதான். அதை வருஷக் கடைசியில ஞாபகத்துலேர்ந்து எழுதாம, ஒவ்வொரு ப்ராஜக்ட் முடிஞ்ச உடனே எழுதணும். சம்பந்தப்பட்டவர் படிச்சுப் பார்த்துப் பதில் எழுத இடம் வேணும். தோழிக்கு அந்த இடம் இருந்திருந்தா, "இந்த லீவு நவம்பர்லயே அப்ரூவ் ஆனது, அப்பவும் ரெண்டு நாள் வேலை பார்த்தேன்"னு ஒரு வரி எழுதியிருப்பாங்க. ஹைதராபாத்துக்காரருக்கும் பொறி தட்டியிருக்கும்.

"ரெண்டு பேர்கிட்டே அனுமதி வாங்கினா லேட் ஆகுமே"ன்னு ஒரு ஹெச்.ஆர். நண்பர் கேட்டார். இப்பவும் ரெண்டு பேர்கிட்டேதானே வாங்குறோம்? ஒண்ணு போர்ட்டல்ல, இன்னொண்ணு டீக்கடையில. டீக்கடையில வாங்கினதுக்கு மதிப்பு இல்லைங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

அடுத்த தடவை அந்த மடல் வந்தா ஒரே ஒரு கேள்வி போட்டுப் பாருங்க: ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னா, யார் சொல்றது நடக்கும்? அதுக்கு மடல்ல ஒரு பேர் இருந்தா அது விளக்கம். இல்லைன்னா வெறும் அறிமுகப் படலம்தான். பேர் இல்லாத மடலுக்கு, ரெண்டு மேனேஜரையும் சிசில போட்டு அதே கேள்வியைப் பதிலா அனுப்பி வையுங்க. பண்டிகைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அனுப்பிடுங்க, டிக்கெட் போட்டப்புறம் கேட்டா அது கேள்வி இல்லை, சண்டை.