உண்மை நோட்டீஸையும் நம்ப முடியவில்லை

மத்திய நேரடி வரிகள் வாரியத் தலைவர் அவர்களுக்கு,

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் ஓய்வூதியர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவன் நான். போலி மின்னஞ்சலில் ஏமாந்தவர்களைப் பற்றிய புகார்கள் தங்களுக்கு நிறையவே வந்திருக்கும். நான் எழுதுவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. துறை உண்மையிலேயே அனுப்பிய கடிதத்தை ‘இதுவும் ஃபிராடுதான்’ என்று அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி. வரி பாக்கி 18,740 ரூபாயை இன்று மாலை ஆறு மணிக்குள் கட்டாவிட்டால் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று சொல்லி, கீழே ஒரு இணைப்பும் தந்திருந்தது. இரண்டாவது, மின்னஞ்சலில் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு பிடிஎஃப். முதலாவதற்குப் பயந்து பணம் கட்டத் தயாரானார். இரண்டாவதைத் திறக்கவே இல்லை. “பாஸ்வேர்டு கேட்குது சார், நிச்சயமா திருட்டுப் பயலுவ வேலைதான்” என்றார்.

அந்தப் பிடிஎஃப்தான் உண்மையானது. பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, அதை ஒட்டிப் பிறந்த தேதியைப் போட்டதும் திறந்தது. பெங்களூரிலுள்ள தங்கள் மத்தியச் செயலாக்க மையம் 143(1) பிரிவின் கீழ் அனுப்பிய அறிவிப்பு அது. உள்ளே இரண்டு பத்திகளாக ஓர் அட்டவணை: ஒன்றில் அவர் தாக்கல் செய்த கணக்கு, பக்கத்தில் துறை போட்ட கணக்கு. வருமானம் இரண்டிலும் ஒன்றே. வரியும் ஒன்றே. பிடித்தம் செய்யப்பட்ட வரி என்ற இடத்தில் மட்டும் அவர் காட்டியது 16,800, துறை ஒப்புக்கொண்டது 12,600. மீதி 4,200 ரூபாயைக் கட்டச் சொல்லியிருந்தது.

போலிக்கும் அசலுக்கும் நான் முதலில் பார்க்கும் வித்தியாசம் இதுதான். அசல் கோரிக்கை கணக்கைக் காட்டும். எந்த மதிப்பீட்டு ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த இடத்தில் வேறுபாடு என்று சொல்லும். போலியில் ஒரு தொகையும் ஒரு மிரட்டலும்தான் இருக்கும். எழுத்துப் பிழையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்ற காலம் போய்விட்டது. இப்போது வரும் போலிகளில் சிங்க முத்திரையும் ஒழுங்கான ஆங்கிலமும் இருக்கின்றன. அனுப்புநர் முகவரியில் incometax.gov.in என்று தெரிவதும் போதாது, அந்த இடத்தில் எதையும் எழுதிக் காட்ட முடியும்.

அடுத்தது அவகாசம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 156ஆம் பிரிவில் கோரிக்கை வந்தால், பணம் கட்டப் பொதுவாக 30 நாள் உண்டு. அதைக் குறைக்க வேண்டுமானால் அதிகாரி முன்கூட்டியே மேலதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும். கெடு தாண்டினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறும். வட்டி ஏறுவது கஷ்டம்தான், ஆனால் மாலை ஆறு மணி என்ற கெடு அதில் எங்கும் இல்லை. கோரிக்கையை ஏற்காமல் இருக்கவும் வழி உண்டு. துறையின் தளத்தில் நுழைந்தால் ‘Response to Outstanding Demand’ என்ற இடத்தில், முழுவதுமாகவோ பகுதியாகவோ உடன்படவில்லை என்று காரணத்தோடு பதில் போடலாம். மறுத்துப் பேச இடம் தரும் மோசடிக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை.

தலைமையாசிரியருக்கும் அதைத்தான் செய்தோம். அவருடைய வைப்புத்தொகை வட்டியில் பிடித்த வரியின் கடைசிக் காலாண்டுக் கணக்கை, பிடித்த நிறுவனம் சரியாகத் தாக்கல் செய்யவில்லை. அதனால் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 4,200 ஏறவில்லை. உடன்படவில்லை என்று பதில் போட்டோம். நிறுவனம் தன் கணக்கைத் திருத்திய பிறகு, திருத்த மனு கொடுத்தோம். அறிவிப்பை அழித்திருந்தால் அந்தத் தொகை பாக்கியாகவே நின்று, அடுத்து அவருக்கு வர வேண்டிய ரீஃபண்டில் கழிந்திருக்கும்.

இனி தங்கள் துறை செய்த நல்ல காரியம் ஒன்று, அதிலுள்ள குறை ஒன்று. 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்று வாரியம் சுற்றறிக்கை போட்டது. விதிவிலக்காக எண் இல்லாமல் அனுப்பினால், அதற்கான காரணத்தையும் உயரதிகாரியின் ஒப்புதலையும் அந்தக் கடிதத்திலேயே குறிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த எண்ணை incometax.gov.in தளத்தின் முகப்பில் ‘Authenticate Notice/Order Issued by ITD’ என்ற இடத்தில் போட்டுப் பார்க்கலாம். தளத்தில் பதிவு செய்யாதவர்களுக்கும் இது திறக்கும். கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால், அப்படியொரு ஆவணம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். (ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு இங்கே மட்டும் போடு என்றால் பெரியவர்கள் குழம்புகிறார்கள். நாமே முகவரியை அடித்துத் திறந்த பக்கத்தில் போடுவது வேறு, போனில் கேட்பவனுக்குச் சொல்வது வேறு என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.)

குறை எங்கே? ஆவண எண்ணைப் போட்டால், அந்த எண்ணும் அது வெளியான தேதியும் செல்லும் என்பதை மட்டும் காட்டுகிறது. யாருக்கு, எவ்வளவு என்பதில்லை. வேறொருவருக்குப் போன உண்மைக் கடிதத்தின் எண்ணை எடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி எனக்கு அனுப்பினால், தங்கள் பக்கமே அதற்குச் சாட்சி சொல்லிவிடும். அதனால் நான் எண்ணை மட்டும் நம்புவதில்லை. அதே பக்கத்தில் பான், ஆவண வகை, மதிப்பீட்டு ஆண்டு, தேதி ஆகியவற்றைக் கொடுத்துத் தேடும் இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறேன். அதைவிட உறுதியானது, வரி செலுத்துபவரின் கணக்கிலேயே நுழைந்து பார்ப்பது. கோரிக்கையும் விசாரணைக் கடிதமும் உண்மையானால் அங்கேயும் இருக்கும். கட்டுவதும் அந்தத் தளத்தின் ‘e-Pay Tax’ வழியாகத்தான். யாரோ ஒருவருடைய யுபிஐ முகவரிக்கோ வங்கிக் கணக்குக்கோ வரி கட்டும் வழக்கம் இல்லை.

தலைமையாசிரியரின் குறுஞ்செய்தியை இப்படிச் சோதிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆவண எண்ணே இல்லை. கணக்கில் நுழைந்தால் 18,740க்கான கோரிக்கையும் இல்லை. இணைப்பைத் தொடவில்லை என்பதால் பணம் தப்பியது. தொட்டுப் பணம் போயிருந்தால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லியிருப்பேன். பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்த முடிகிற வாய்ப்பு அப்போதுதான் அதிகம்.

எனவே தங்களிடம் மூன்றை வேண்டுகிறேன். சரிபார்க்கும் பக்கம் பான் எண்ணின் கடைசி நான்கு இடங்களையும் கோரிய தொகையையும் காட்டட்டும். அதனால் யாருடைய ரகசியமும் வெளியே போகாது, எண்ணைத் திருடி ஒட்டும் வேலை முடிந்துவிடும். துறையின் மின்னஞ்சல்களில் தட்டித் திறக்கும் இணைப்பே இல்லாமல், ‘தளத்தின் முகவரியை நீங்களே அடித்து உள்ளே நுழைந்து பாருங்கள்’ என்ற ஒரு வாக்கியம் மட்டும் இருக்கட்டும். இணைப்பு இருந்தாலே போலி என்று அப்போது தயங்காமல் சொல்லிவிடலாம். கோரிக்கை அறிவிப்பின் முதல் பக்கத்தில் தொகை, காரணம், கெடு, மறுக்கும் வழி ஆகிய நான்கும் தமிழிலும் வரட்டும். படித்துப் புரியாத கடிதத்தைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்று பயந்து கட்டுகிறார்கள், அல்லது கிழித்துப் போடுகிறார்கள். மூன்றில் முதலாவதையாவது அடுத்த தாக்கல் பருவத்துக்குள் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வரிக் கணக்கு எழுதும் ஒருவன்