ஏரிக்குள் இறங்கும் முன் கால்வாயைப் பாருங்கள்

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்தான் இப்படிப் போவது? கையுறை மாட்டிக்கொண்டு வருகிறோம். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் குவிக்கிறோம். பிளாஸ்டிக்கை மூட்டை கட்டுகிறோம். பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஏரி மறுபடியும் பச்சையாக மூடிக்கிடக்கிறது. வந்தவர்களின் உழைப்பில் குறையே இல்லை. வேலை செய்கிற இடம்தான் தப்பு. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஏரி தனியாகக் கிடக்கிற குட்டை அல்ல. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலியில் இதுவும் ஒரு கண்ணி. கடைசியில் எல்லாத் தண்ணீரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். மழைநீரைக் கொண்டுவர வெட்டிய வரத்துக் கால்வாய்களில் இன்று வருஷம் முழுக்கக் கழிவுநீர் ஓடுகிறது. நோய் இங்கே இருக்கிறது. ஆகாயத்தாமரை அதன் அறிகுறி மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் நகரங்களுக்குக் குடிநீர் திட்டமிடுகிறார்கள். அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். ஒரு கால்வாயை ஒட்டி 500 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 18 லாரிக் கழிவு, தினமும், ஒரே கால்வாய் வழியாக. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் ஆகாயத்தாமரைக்கு உரம். அந்த உரம் கிடைத்தால் நம் வெயிலுக்கு அது இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். கரையோரம் 100 செடி தப்பியிருந்தால் மூன்று மாதத்தில் 6,400. போதாததற்கு அதன் விதை சேற்றுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். உரம் வந்துகொண்டே இருக்கும்போது செடியை மட்டும் அள்ளினால் புதுச் செடிக்கு இடமும் வெளிச்சமும் கொடுத்ததாகத்தான் ஆகும். அள்ளியதைக் கரையிலேயே விட்டால் அது அழுகி, முதல் மழையில் மீண்டும் ஏரிக்குள் இறங்கும்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, "எங்க வீட்டு செப்டிக் டேங்க் தண்ணி மழைநீர் வடிகால்லதான் போகுது. வேற எங்க சார் விடறது?" என்று கேட்டார். கூட்டத்தில் உண்மையைப் பேசியவர் அவர் ஒருவர்தான். செப்டிக் டேங்க் கெட்டியானதை அடியில் தங்கவைக்கும், அவ்வளவுதான். மேலே வழிகிற தண்ணீரில் கிருமியும் உரச்சத்தும் அப்படியே இருக்கும். அதை மண்ணுக்குள் இறக்க உறைகுழி வேண்டும். ஏரிப் பக்கத்து மனைகளில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் உறைகுழி உறிஞ்சாது. ஆகவே ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் வடிகாலுக்குப் போகிறது. இது ஒருவர் செய்த குற்றம் அல்ல, தெருவே செய்வது. அதனால் தெருவாகச் சேர்ந்துதான் தீர்க்க முடியும்.

தீர்க்க முடியும் என்பதற்கு பெங்களூரு ஜக்கூர் ஏரி கண்ணெதிரே இருக்கிறது. அங்கே கழிவுநீர் முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து சம்பும் கோரையும் வளர்ந்த ஈரநிலத்தின் வழியாக மெல்ல நகர்ந்து, அதன் பிறகே ஏரியில் சேர்கிறது. முதலில் நுழைவாயில், பிறகு ஏரி. இந்த வரிசையை மாற்றிச் செய்யும் எந்த வேலையும் நிற்காது. நடைபாதை, மின்விளக்கு, கரைக்குக் கல் பதிப்பது எல்லாமே அதற்குப் பிறகுதான்.

நான் கேட்பது நான்கே விஷயம்.

முதலாவது, ஏப்ரல், மே மாதத்தில் மழையே இல்லாத ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வரத்துக் கால்வாய்க்கு வாருங்கள். அந்த நேரத்தில் கால்வாயில் தண்ணீர் ஓடினால் அது பெரும்பாலும் வீட்டுக் கழிவுதான். குளியலும் துவையலும் நடக்கிற நேரம் என்பதால் ஓட்டமும் அப்போதுதான் அதிகம். கறுத்த நிறமும் அழுகிய முட்டை நாற்றமும் அடையாளம். ஏரியிலிருந்து மேலே நடந்து, குழாய் விழுகிற ஒவ்வொரு இடத்தையும் இடக்குறிப்போடு படமெடுங்கள். லாரி வந்து கழிவைக் கொட்டுகிற இடமும் அப்போது தெரியும். கரையிலிருந்தே பாருங்கள். யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சலும் உடைந்த கண்ணாடியும் அங்கே காத்திருக்கின்றன.

இரண்டாவது, உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருவில் இன்னும் இணைப்பு வாங்காதவர்கள் இந்த வருஷமே வாங்குங்கள். வராத தெருவில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிடுங்கள். கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, "ஏரியைத் தூய்மைப்படுத்துக" என்ற மனுவை இனிமேல் எழுதாதீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் வராது. eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணையும் அ-பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, ஏரி எந்தத் துறையிடம் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். கால்வாய் ஏரியில் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு சிறு தடுப்புச் சுவர், பக்கத்தில் ஒரு தொட்டி, ஒரு பம்பு. வெயில்காலத்தில் வருகிற கழிவு தொட்டியில் விழுந்து சாக்கடைக் குழாய்க்கு ஏற வேண்டும். மழை வெள்ளம் சுவரைத் தாண்டி ஏரிக்குப் போக வேண்டும். மேலே ஒரு கம்பிச் சல்லடை வைத்தால் பிளாஸ்டிக்கும் நிற்கும். நீங்கள் எடுத்த படங்களை மனுவோடு இணையுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

நான்காவது, பொறுமை. மழை வெள்ளத்தோடு கலந்து வரும் கழிவை இந்தத் தடுப்புச் சுவர் நிறுத்தாது. கரண்ட் போனால் பம்பு நிற்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கழிவு நின்ற பிறகும் அடியில் படிந்த சேறு சில வருஷம் உரச்சத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் வருஷம் கால்வாய் மட்டும். வரத்து குறைந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, பூக்கும் முன்பே ஆகாயத்தாமரையை அள்ளி, கரையில் விடாமல் அப்புறப்படுத்தி உரக்குழிக்கு அனுப்புவோம். அதற்கு அடுத்த கோடையில் ஏரி வற்றும்போது, அனுமதியோடு, கரையின் அடிமண்ணைத் தொடாமல் வண்டலை எடுக்கச் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிற அதே கைகள் போதும். அடுத்த வாரம் கையுறை வேண்டாம், போனை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் கால்வாய் முனைக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் வீட்டுக் கழிவுக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று இன்றே பாருங்கள். வடிகால் பக்கம் போனால் அதைத் திருப்புவதுதான் உங்கள் பங்கு.