அஞ்சாவது வாரம் வரைக்கும் கதை வேணாம்

நம்ம பக்கம் பாடசாலைகள்ல படம் எடுக்கிற கதை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். சேர் கதை எழுதுவார். நல்லா பேசுற நாலு பேர் நடிப்பாங்க. லெப்டொப் வச்சிருக்கிற ஒரு அண்ணா ராத்திரி உட்கார்ந்து எடிட் பண்ணுவார். மிச்சப் பிள்ளைகள் கூட்டத்துல நிப்பாங்க. தவணை முடியுறப்ப படம் இருக்கும், இல்ல முக்கால்வாசியில நிக்கும். எப்படியானாலும் வகுப்பு எடுத்த படம்னு அதைச் சொல்ல முடியாது.

எங்களுக்கு இதுல ஒரு கோபமும் இருக்கு. நுவரெலியா, ஹட்டன் பக்கம் கெமரா வராத மலையே இல்லை. ஆனா அதுக்குப் பின்னால நிக்கிறவங்க வெளியூர்க்காரங்க. அதனால வருஷா வருஷம் அதே கூடை, அதே கொழுந்து, அதே சிரிப்பு.

பிரான்ஸில் 1995இல் தொடங்கிய ஒரு பாடசாலைத் திட்டம் இருக்கிறது, பெயர் 'சினிமா, நூறு வருட இளமை'. அதைப் பல வருடங்கள் நடத்தியது சினமதேக் பிரான்சேஸ். அலென் பெர்காலா என்ற விமர்சகரின் யோசனைகளில் வளர்ந்தது. அதில் முதல் நாளே கதை எழுதச் சொல்வதில்லை. எல்லா வகுப்புகளுக்கும் அந்த வருடத்துக்கு ஒரே கேள்வி. பிள்ளைகள் படத்துண்டுகள் பார்க்கிறார்கள், சின்னப் பயிற்சிகள் செய்கிறார்கள், கடைசியில் வகுப்புக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். ஒரு வருடம் கேள்வி வானிலை பற்றியது. மிஸ்டு (மூடுபனி) இறங்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்குமா?

அதை நம்ம தவணைக்கு ஏற்ற மாதிரி பத்து வாரமாகச் சுருக்கலாம். பிள்ளைகள் முப்பது பேர் என்றால் அஞ்சு அஞ்சு பேராக ஆறு குழு, குழுவுக்கு ஒரு போன்.

முதல் நாலு வாரம் ஒரே பயிற்சிதான். போனை ஆட்டாமல், சூம் பண்ணாமல், ஒரு நிமிடம் ஒரே ஷொட். லூமியர் சகோதரர்கள் 1895இல் தொழிற்சாலை விட்டு ஆட்கள் வெளியேறுவதை எடுத்தது இப்படித்தான், ஐம்பது செக்கனுக்குள். நம்மிடம் கொழுந்து நிறுக்கிற இடம் இருக்கு, தண்ணிப் பீலி இருக்கு. எடுத்ததை எல்லாரும் சேர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்கணும்: கெமரா ஏன் இங்க நிக்குது? முதல் வாரம் எல்லாரும் நடுவுல நின்னு எடுத்திருப்பாங்க. மூணாவது வாரம் யாராவது ஒருத்தர் லயத்து வாசலுக்குள்ள இருந்து எடுத்து வருவாங்க. கதை பேச அப்போதான் நேரம் வந்திருக்கு.

அஞ்சாவது வாரக் கதை மூணு வரிக்கு மேல் போகக் கூடாது. உதாரணமா: ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைக்கு வீடு பூட்டியிருக்கு. சாவி மலையில அம்மாகிட்ட. மிஸ்டுல அம்மாவைத் தேடிப் போகுது. வசனமே தேவையில்லை. மலையில் எடுக்க தோட்டத்து ஒபீஸ் அனுமதிக் கடிதத்தை இந்த வாரமே கேட்டுடணும். ஆறாவது வாரம் கதையைப் பன்னிரண்டு ஷொட்டாக வரைந்து, குழுவுக்கு ரெண்டா பிரிக்கலாம். ஒரு குழு எடுக்கும்போது இன்னொரு குழு புத்தகப்பை எந்தத் தோள்ல இருக்கு, தலைமுடி எப்படின்னு எழுதி வைக்கணும். இல்லாட்டி வெட்டி ஒட்டும்போது பை தோள் மாறிடும்.

ஏழாவது வாரம் படப்பிடிப்பு, ஒரே பின்னேரம். ஒரு ஷொட்டுக்குப் பத்து நிமிஷம் வச்சாலும் ரெண்டு மணித்தியாலம். ரெண்டு மணிக்கே தொடங்கலைன்னா வெளிச்சம் போயிடும். மிஸ்டுல போன் ஒரு தப்புப் பண்ணும். வெள்ளையைப் பார்த்து மொத்தப் படத்தையும் மங்க வைக்கும், முகம் கறுத்துப் போகும். திரையில் முகத்தை அழுத்திப் பிடிச்சு வெளிச்சத்தைப் பூட்டிடணும். மழை வந்தா தகரச் சத்தம் எல்லாத்தையும் மூடிடும். அதனால காலடி, பூட்டு, கொழுந்து ஆயுற சத்தம் எல்லாத்தையும் வேற நாள், வேற போன்ல தனியா பதிஞ்சு வைங்க.

கடைசி மூணு வாரமும் எடிட்டிங்குக்கு. இதைத்தான் யாரும் விடுறதில்லை, படங்கள் பாதியில நிக்கிறதும் இதனாலதான். பன்னிரண்டு ஷொட்டையும் கடதாசித் துண்டுகளில் எழுதி மேசையில் மாத்தி மாத்தி அடுக்கினா முப்பது பேரும் எடிட் பண்ணலாம். போன்ல ஒட்டுறது அதுக்குப் பிறகு. ஒட்டினதைச் சத்தமில்லாமல் பக்கத்து வகுப்புக்குப் போட்டுக் காட்டி, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. சாவியைப் பற்றி ஒருத்தரும் சொல்லலைன்னா, பூட்டு ஷொட் இன்னும் ரெண்டு செக்கன் நிக்கணும்.

முதல் காட்சி லயத்துல, அம்மாமார் வேலை முடிச்சு வந்த பிறகு. படத்தின் கடைசியில் முப்பது பெயரும் அகர வரிசையில் வரட்டும். சேரோட பெயரும் அந்த வரிசையிலேயே இருக்கட்டும்.