படிவத்தில் இடமில்லாத இடர்கள்

கடல்சரக்குக் காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவத்துடன் அண்டர்ரைட்டருக்குப் போகும் முகப்புக் கடிதங்களில் பல, நற்சான்று போலவே எழுதப்படுகின்றன. ஏற்றுமதியாளர் அனுபவசாலி, பேக்கிங் தரமானது, இதுவரை இழப்பீடு கோரியதில்லை என்று அவை சொல்லும். தரகு வேலையில் இத்தகைய கடிதங்களை எழுதியும் படித்தும் வருபவன் என்ற முறையில், முகப்புக் கடிதத்தின் முதல் வேலை வேறு என்று கருதுகிறேன். படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத பாதகமான விவரங்களை அது சொல்ல வேண்டும். நம் 1963ஆம் ஆண்டு கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவும் இதையே கோருகிறது. பிரீமியத்தை முடிவுசெய்வதிலோ இடரை ஏற்பதிலோ விவேகமுள்ள காப்பீட்டாளரின் கணிப்பைப் பாதிக்கக்கூடிய எதையும், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே காப்பீடு பெறுபவர் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் காப்பீட்டாளர் ஒப்பந்தத்தையே விலக்கிவிடலாம்.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் தைத்த பருத்திப் பின்னலாடைகள், 600 அட்டைப்பெட்டிகள், ஒரு 40 அடி கண்டெய்னர், நவம்பரில் புறப்படுகிறது. படிவத்தில் ‘தூத்துக்குடி – ஹாம்பர்க்’ என்று மட்டுமே இருக்கும். ஆனால் பீடர் கப்பல் கண்டெய்னரைக் கொழும்பில் இறக்கிவிடும். தாய்க்கப்பல் வரும்வரை அது அங்கே முற்றத்தில் காத்திருக்கும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், பல கப்பல் நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் ஏறத்தாழ 10 முதல் 14 நாள் நீண்டது. எந்த வழி என்பதைக் கப்பல் நிறுவனமே தீர்மானிப்பதால், இரு வழிகளுக்கும் வாய்ப்புண்டு என்று கடிதத்தில் எழுதுவதே சரி. சூயஸ் வழி என்றால் போர் இடர் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அதற்கான ஷரத்துகள் வேறு, பொதுவாக 7 நாள் அறிவிப்பில் அந்தப் பாதுகாப்பை ரத்து செய்யவும் முடியும். முனையைச் சுற்றினால் வரும் தாமதத்துக்கோ, மிக விரிவான ‘ஏ’ ஷரத்துகளின்கீழும் இழப்பீடு கிடையாது. பருவம் தவறி வந்த ஆடையின் நஷ்டம் ஏற்றுமதியாளர் முன்கூட்டியே அறிய வேண்டிய ஒன்று.

நான் அதிக இடம் ஒதுக்குவது பேக்கிங்குக்கு. ‘ஏற்றுமதித் தரப் பேக்கிங்’ என்ற தொடரால் அண்டர்ரைட்டருக்கு எதுவும் தெரிவதில்லை. பருத்தியும் அட்டையும் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும் பொருள்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரக்காற்றோடு மூடப்பட்ட கண்டெய்னர், வெப்பக்கடலைத் தாண்டி ஐரோப்பியக் குளிரை அடையும்போது அதன் இரும்புக் கூரை முதலில் குளிர்கிறது. உள்ளிருக்கும் ஈரம் கூரையில் நீர்த்துளிகளாகி மேலடுக்குப் பெட்டிகள்மீது சொட்டுகிறது. சேதம் மேலடுக்கில் மட்டும் இருந்து, கறையைச் சோதிக்கையில் உப்பு தென்படாவிட்டால், கடல்நீர் புகவில்லை, வியர்த்த நீரே காரணம் என்று சர்வேயர் ஊகிப்பார். உடனே கேள்வி திரும்பும்: பேக்கிங் போதுமானதாக இருந்ததா? 2009ஆம் ஆண்டின் ‘ஏ’ ஷரத்துகள், ஏற்றுமதியாளரே செய்த போதாத பேக்கிங்கால் வரும் சேதத்தை விலக்குகின்றன. கண்டெய்னருக்குள் அடுக்கியதும் அதில் அடங்கும்.

ஆகவே பெட்டி எத்தனை பிளை, ஆடைகள் பாலிதீன் உறையில் உள்ளனவா, அடுக்கும் நாளில் அட்டை உலர்ந்திருந்ததா, ஈரமுறிஞ்சும் பைகள் எத்தனை தொங்கவிடப்படும், மரப் பலகைகள் உலர்ந்தவையா என்பதெல்லாம் கடிதத்தில் வர வேண்டும். இவற்றை எழுதினால் விலக்கு நீங்கிவிடாது. ஆனால் போதாது என்று நினைத்தால் கூடுதல் பைகளையோ ஏற்றுமுன் சர்வேயையோ அண்டர்ரைட்டர் கேட்க இன்னும் நேரம் இருக்கும்.

மதிப்பைப் பொறுத்தவரை முதலில் விற்பனை முறையைச் சொல்ல வேண்டும். எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏற்றியதும் இடர் வாங்குபவருக்குப் போய்விடும். சிஐஎஃப் என்றால் கணக்கைக் காட்டலாம்: சரக்கு 1,00,000 டாலர், சரக்குக் கட்டணம் 4,000, பிரீமியம் 200, ஆக 1,04,200, அதன்மேல் 10 விழுக்காடு சேர்த்து 1,14,620 டாலர். கட்டணத்தை விட்டுவிட்டுச் சரக்கின் விலைமேல் மட்டும் 10 விழுக்காடு சேர்த்தால் 1,10,000தான் வரும். அதுவே ஒப்புக்கொண்ட மதிப்பாகிவிட்டால், முழு இழப்பில் 4,620 டாலர் குறையும். மிகையாக மதிப்பிடுவதும் பாதுகாப்பல்ல. பெரிய மிகைமதிப்பைச் சொல்லாமல் விடுவது முக்கிய விவரத்தை மறைப்பதே என்று 1874இலேயே அயோனிடிஸ் எதிர் பெண்டர் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது.

இவ்வளவும் எழுதினால் பிரீமியம் ஏறும், எழுதியதே பின்னால் நமக்கு எதிராகத் திரும்பும் என்று ஏற்றுமதியாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. கடிதத்தில் சொல்லும் முக்கியமான விவரம் பொய்யானால், அதுவும் ஒப்பந்தத்தை விலக்கக் காரணமாகும். ஆனால் சட்டம் உண்மை பற்றிய கூற்றையும், எதிர்பார்ப்பு பற்றிய கூற்றையும் பிரித்தே பார்க்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன எதிர்பார்ப்பு பின்னர் பொய்த்தாலும் குற்றமில்லை. எனவே ‘ஈரமுறிஞ்சும் பைகள் வைக்கப்பட்டுள்ளன’ என்பதை வைத்தபின் எழுதலாம். ‘கொழும்பில் ஒரு வாரத்தில் மாற்றி ஏற்றப்படும் என்று கப்பல் முகவர் கூறுகிறார், நாங்களும் அவ்வாறே எதிர்பார்க்கிறோம்’ என்பதை இன்றே எழுதலாம்.