நாலாவதா வந்தவருக்கு எத்தனை பாயின்ட்?

ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு பிரின்சிபல் சார் பேசினது ஞாபகம் இருக்கா? வைகை அணைப் பக்கத்து வெயில்ல, ஷாமியானா நிழல் கிடைக்காம நின்னவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா "ஜெயிக்கிறதைவிட முயற்சிதான் முக்கியம், ஒலிம்பிக் சொல்றதும் அதைத்தான்"னு அவர் சொன்னப்போ நல்லாவே கை தட்டினோம்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1908 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில், ஜூலை 19 அன்று, செயின்ட் பால் தேவாலயத்தில் எதெல்பர்ட் டால்பட் என்ற அமெரிக்க பிஷப் இந்தக் கருத்தைப் பிரசங்கத்தில் சொன்னார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 24 விருந்தில், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தன் அதை எடுத்துப் பேசினார்.

அதே ஜூலை 24-ல்தான் மாரத்தான் நடந்தது. இத்தாலியின் டோராண்டோ பியட்ரி முதல் ஆளாக ஸ்டேடியத்துக்குள் வந்தார். ஆனால் மயக்கத்தில் தவறான திசையில் திரும்பி, பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டுத்தான் கோட்டைத் தாண்டினார். அமெரிக்கா ஆட்சேபித்தது. அடுத்தவர் உதவியோடு முடித்ததால் அவரைத் தகுதி நீக்கம் செய்து, இரண்டாவதாக வந்த ஜானி ஹேய்ஸுக்குத் தங்கம் கொடுத்தார்கள். மறுநாள் ராணி அலெக்ஸாண்ட்ரா பியட்ரிக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்.

கவனிச்சீங்களா? ரூலை யாரும் வளைக்கல. முயற்சிக்குத் தனியா ஒரு கோப்பை வந்துச்சு.

நம்ம பாயின்ட் டேபிளுக்கு வருவோம். முதலிடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. நாலாவதுக்கு? பூஜ்யம். அது பரவாயில்லை, போட்டின்னா அப்படித்தான். ஆனா நாலாவதா வந்தவரோட டைமை யாரும் எழுதக்கூட இல்லையே! முயற்சியை அளக்கவே அளக்காம, அதுதான் முக்கியம்னு மைக்ல சொல்றது எப்படிங்க சரியா வரும்?

1500 மீட்டரை எடுத்துக்குங்க. ஒருத்தர் போன வருஷம் 6 நிமிஷம் 40 செகண்ட், இந்த வருஷம் 6 நிமிஷம் 10 செகண்ட், ஏழாவது இடம்னு வைங்க. முப்பது செகண்ட் குறைச்சிருக்கார். நம்ம ரெக்கார்டுப்படி அவர் ஓடவே இல்ல.

என் யோசனை இதுதான். கோட்டுக்கிட்ட ஒருத்தர் ஸ்டாப்வாட்ச் பார்த்து ஒவ்வொருத்தர் டைமையும் சத்தமா சொல்லணும், பக்கத்துல இன்னொருத்தர் செஸ்ட் நம்பரோட எழுதணும். போன வருஷ டைமைத் தாண்டின ஒவ்வொருத்தருக்கும் அவங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு பாயின்ட். எவ்வளவு செகண்ட் குறைச்சாங்கன்னு பார்த்துக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. மெதுவா ஓடுறவர் 30 செகண்ட் குறைக்கலாம், 4.50-ல ஓடுறவருக்கு 2 செகண்டே மலை.

"முதல் வருஷம் வேணும்னே மெதுவா ஓடிட்டு அடுத்த வருஷம் பாயின்ட் வாங்குவானே"ன்னு ஹாஸ்டல்ல ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதுக்காக ஒரு பாயின்ட்டுக்கு ஒரு வருஷம் காத்திருக்கிற ஆளு நம்ம காலேஜ்ல இருந்தா, அவனுக்கும் ஒரு பாயின்ட் கொடுத்துடலாம்.

முதல் வருஷ மாணவர்களுக்குப் பழைய டைம் இருக்காது. அவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடி பி.டி. சார் முன்னாடி ஒரு ட்ரையல் வைக்கலாம். அடுத்த ஸ்போர்ட்ஸ் கமிட்டி மீட்டிங்குக்குப் போற கிளாஸ் ரெப்கள், முதல்ல அந்த எழுதுற நோட்டைக் கேட்டு வாங்குங்க.