அந்த அரை எங்கே போனது?

பொறியியல், இயற்பியல் வகுப்புகளின் கரும்பலகையில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியம் உண்டு. தொகையீட்டுக் குறிக்கு வெளியே நிற்கும் lim, அடுத்த வரியில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஏன் போனது என்று எழுதியவரும் சொல்வதில்லை, பார்த்தவரும் கேட்பதில்லை. துணிந்து யாராவது கேட்டால் இப்படி ஒரு பதில் வரும்: “ஒவ்வொரு x-லும் சார்பு தன் எல்லைக்குப் போய்ச் சேர்கிறது. அப்புறம் பரப்பு மட்டும் வேறெங்கே போய்விடும்?”

வேறெங்கோதான் போகிறது. எங்கே என்று காட்டப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தொகையிடல் போதும். 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியில் இந்தச் சார்புகளை எடுத்துக்கொள்வோம்:

fₙ(x) = n x (1 − x²)ⁿ

முதலில் எல்லையை உள்ளே வைத்துப் பார்ப்போம். x = 0 என்றால் எந்த n-க்கும் மதிப்பு 0. x = 1 என்றாலும் அப்படியே. நடுவில் உள்ள எந்த x-க்கும் 1 − x² ஒன்றைவிடச் சிறியது. அதன் n-ஆம் அடுக்கு தேய்கிற வேகத்தை முன்னால் நிற்கும் n ஈடுகட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் எல்லை 0. பூச்சியத்தைத் தொகையிட்டால் பூச்சியம்.

இப்போது தொகையீட்டை முதலில் செய்வோம். u = 1 − x² என்று பிரதியிட்டால் x dx என்பது −du/2 ஆகிவிடும். மிஞ்சுவது n/2 மடங்கு uⁿ-இன் தொகையீடு, 0 முதல் 1 வரை. விடை n / (2(n + 1)). n = 1 என்றால் 0.25. n = 10 என்றால் ஏறத்தாழ 0.4545. n = 100 என்றால் 0.495. எல்லை 1/2.

ஒரு வரிசையில் செய்தால் 0, மறு வரிசையில் செய்தால் 1/2. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. பிழை, இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது.

அந்த அரை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க x = 0.1 என்ற ஒரு புள்ளியில் உட்கார்ந்துகொள்வோம். n = 10-இல் மதிப்பு 0.904. n = 100-இல் 3.66 ஆக ஏறிவிடுகிறது. n = 1000-இல் 0.0043. ஏறியது, இறங்கியது, முடிந்தது. x = 0.01-க்கு நகர்ந்தால் அதே கதைதான், ஆனால் தாமதமாகவும் பெரிதாகவும்: n = 10000 வாக்கில் அது 36.8 வரை ஏறி, பிறகுதான் விழுகிறது. வகையிட்டுப் பார்த்தால் fₙ-இன் உச்சம் x = 1/√(2n + 1) என்ற இடத்தில் இருக்கிறது; உயரம் ஏறத்தாழ 0.43√n. உச்சம் இடப்புறம் நகர்கிறது, ஒடுங்குகிறது, உயர்கிறது. அகலம் குறையும் அளவுக்கு உயரம் கூடுவதால் பரப்பு குறைவதே இல்லை.

ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் “வண்டி என் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது” என்று சொன்னால் அது உண்மைதான். அதை வைத்துத் தண்டவாளத்தில் வண்டியே இல்லை என்று முடிவு கட்டுகிறோமே, அதுதான் இங்கே நடக்கும் தவறு. புள்ளிவாரியான எல்லை ஒவ்வொரு x-ஐயும் தனித்தனியாக விசாரிக்கிறது. எவ்வளவு பெரிய n தேவை என்பதை அந்தந்த x தன் வசதிப்படி சொல்லிக்கொள்ளலாம். தொகையீடு அந்த வசதியைத் தருவதில்லை. ஒரே n-இல் எல்லா x-ஐயும் சேர்த்துக் கேட்கிறது. அந்த n எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வண்டி இன்னும் வந்து சேராத புள்ளிகள் 0-க்கு அருகே இருந்துகொண்டே இருக்கும்.

இந்த நம்பிக்கைக்குக் கௌரவமான வம்சாவளியும் உண்டு. தொடர்களை உறுப்பு உறுப்பாகத் தொகையிடுவதும் இதே இடமாற்றம்தான். 18-ஆம் நூற்றாண்டில் அதைக் கூச்சமின்றிச் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்டிப்புக்குப் பேர்போன கோஷிகூட இந்த இடத்தில் சறுக்கினார். 1875-இல் டார்பூ, தொடர்ச்சியான சார்புகளால் ஆன ஒரு தொடரைக் காட்டினார்: அதன் கூடுதலும் தொடர்ச்சியானதுதான், ஆனால் உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டால் தவறான விடை வரும். அதன் உள்ளே இருந்ததும் மேலே பார்த்ததைப் போன்ற, 0-வை நோக்கி நகரும் ஒரு கூர்முகடுதான்.

இதையெல்லாம் காட்டினால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். முதலாவது: “இவை கணிதக்காரர்கள் வேண்டுமென்றே ஜோடித்த விகாரமான சார்புகள், நடைமுறையில் இப்படி எதுவும் வராது.” விகாரமா? நாம் எடுத்தது பல்லுறுப்புக்கோவை. துள்ளல் இல்லை, முறிவு இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். எல்லைச் சார்போ வெறும் பூச்சியம். இதைவிடச் சாதுவான சார்புகளை எங்கே போய்த் தேடுவது?

நடைமுறையில் வராது என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. கணினியில் 0.01 இடைவெளி விட்டுப் புள்ளிகளை வைத்து, சரிவக விதிப்படி இந்தப் பரப்பைக் கணக்கிடுங்கள். n = 1000 வரை விடை சுமாராகச் சரியாகவே வரும். n = 10000-இல் உண்மையான விடை 0.49995, கணினி சொல்வது ஏறத்தாழ 0.405. n = 100000-இல் கணினி சொல்வது 0.00045. முகடு முழுவதும் முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே புகுந்துவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது. பரப்பு பூச்சியத்துக்குப் போகிறது என்றே எவருக்கும் தோன்றும். புள்ளிகளை அசையாமல் வைத்துவிட்டு n-ஐ மட்டும் பெரிதாக்கியவர், தனக்கே தெரியாமல் எல்லையைத் தொகையீட்டுக்குள் தள்ளியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: n-ஐ அப்படியே வைத்துக்கொண்டு புள்ளி இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்க வேண்டும். விடை குதித்தால் முகடு ஒன்று ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது பதில் படித்தவர்களுடையது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கோபம் கொஞ்சம் அதிகம். “சீரான ஒருங்கல் இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் மாற்றக்கூடாது, அவ்வளவுதானே?” தேர்வு விடைத்தாளுக்கு இது போதும். ஆனால் இந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளுமே இப்படிச் சொன்னால் நிற்காது.

முதல் பாதியை எடுப்போம். முடிவுள்ள இடைவெளியில் அது சரி. முடிவிலா இடைவெளியில் சரியில்லை. 0 முதல் n வரை 1/n, அதற்கு அப்பால் 0 என்றொரு சார்பை எண்ணிப் பாருங்கள். உயரம் 1/n என்பதால் அது சீராகவே 0-க்கு ஒருங்குகிறது. பரப்போ எப்போதும் 1. இங்கே முகடு உயரவில்லை. தட்டையாகப் பரந்து தொலைவுக்கு ஓடிவிட்டது.

இரண்டாம் பாதிக்கு நம் பழைய சார்பையே திரும்ப அழைக்கலாம். முன்னால் நிற்கும் n-ஐ √n ஆக மாற்றுவோம்: √n x (1 − x²)ⁿ. உச்சம் எப்போதும் 0.43-ஐ ஒட்டியே நிற்கிறது, 0-க்கு இறங்குவதில்லை. எனவே சீரான ஒருங்கல் இல்லை. பரப்பு √n / (2(n + 1)). அது 0-க்குப் போகிறது. சீரான ஒருங்கல் இல்லாமலே இடமாற்றம் சரியாக அமைந்துவிட்டது. முடிவுள்ள இடைவெளியில், சார்புகள் எல்லாம் ஒரே வரம்புக்குள் அடங்கி, எல்லையும் தொகையிடத்தக்கதாக இருந்தால் போதும் என்று 1885-இலேயே அர்ட்ஸெலா நிறுவிவிட்டார்.

வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. n-இன் இடத்தில் n-இன் முக்கால் அடுக்கை வையுங்கள். உச்சம் n = 10000-இல் 4.3, பத்துக் கோடியில் 43 என்று எல்லையின்றி ஏறுகிறது. பரப்போ 0.05, 0.005 என்று இறங்குகிறது. முகடு வானத்துக்குப் போனாலும் இடமாற்றம் கெடவில்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொரு x-லும், எல்லா n-களுக்குள்ளும் சார்பு எட்டிய மிக உயர்ந்த மதிப்பை எடுத்துக்கொண்டு, அவற்றை இணைத்து எல்லாச் சார்புகளுக்கும் மேலே ஒரு போர்வைபோல் விரியுங்கள். இது லெபேக்கின் ஆதிக்க ஒருங்கல் தேற்றம் கேட்கும் கேள்வி: அந்தப் போர்வையின் பரப்பு முடிவுள்ளதா? முடிவுள்ளதென்றால் தயங்காமல் மாற்றலாம். முக்கால் அடுக்குச் சார்புகளுக்கு அந்தப் போர்வை 0.39/√x என்ற வளைவரைக்குக் கீழே அடங்குகிறது, பரப்பு 0.78-ஐத் தாண்டாது. நம் முதல் சார்புக்கோ, 0-க்கு அருகே போர்வையின் உயரம் ஏறத்தாழ 0.37/x. x = 0.1-இல் 3.66, x = 0.01-இல் 36.8 என்று முன்பே பார்த்த எண்கள் இந்தப் போர்வையின் உயரங்கள்தாம். இடது ஓரத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் பரப்பில் ஏறத்தாழ 0.85 கூடிக்கொண்டே போகிறது; இந்தக் கூடுதலுக்கு முடிவே இல்லை. நம் அரை தப்பித்த ஓட்டை அதுதான். முடிவிலா இடைவெளியில் ஓடிய அந்தத் தட்டைச் சார்புக்கும் போர்வை ஏறத்தாழ 1/x தான். அங்கே ஓட்டை தொலைவில் இருக்கிறது.

லெபேக் தேற்றத்தையும் மந்திரம்போல் ஓத வேண்டாம். போர்வையின் பரப்பு முடிவற்றது என்பதாலேயே இடமாற்றம் தவறாகிவிடாது. முதல் சார்பை ln n-ஆல் வகுத்துப் பாருங்கள், n = 2-இலிருந்து. பரப்பு n = 100-இல் 0.107, பத்து லட்சத்தில் 0.036 என்று மெதுவாக, ஆனால் உறுதியாக 0-க்கு இறங்குகிறது, இடமாற்றம் சரி. போர்வையோ 0-க்கு அருகே 1/(x ln(1/x)) என்ற அளவில் உயர்வதால் அதன் பரப்பு முடிவற்றது. தேற்றம் இங்கே வாயே திறக்காது. இத்தகைய இடங்களில் பரப்பை நேரே கணக்கிட வேண்டும். முடியாவிட்டால், 0-க்கு அருகே மிகச் சிறிய துண்டு ஒன்றை வெட்டி எடுத்து, அதற்குள் சிக்கும் பரப்பு எல்லா n-க்கும் ஒருசேரச் சிறிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ln n-ஆல் வகுத்த சார்புகளில் அது சிறிதாகிறது. வகுக்காதவற்றில், எவ்வளவு சிறிய துண்டை வெட்டினாலும், n பெரிதாகும்போது அந்த அரை கிட்டத்தட்ட முழுசாக அதற்குள் வந்துவிடுகிறது.